அம்மாவின் தபால் நிலைய ஆர்.டி.: உண்மையான வட்டி எவ்வளவு? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

2023 நவம்பர் 6-ல் தொடங்கிய ஐந்து வருட ஆர்.டி. மாதம் 1,000 ரூபாய், 6.7% வட்டி, காலாண்டுக் கூட்டுவட்டி. ஷீட்டில் இப்படிப் போட்டேன்:

```
=FV((1+0.067/4)^(1/3)-1,60,-1000,0,1)
```

காலாண்டு வட்டியை மாத விகிதமாக மாற்றிய கணக்கு இது. கடைசியில் உள்ள 1, தவணை மாதத் தொடக்கத்தில் விழுவதாகக் கொள்ளும். முதிர்வுத் தொகை 71,366 வருகிறது.

வீட்டில் அண்ணன், "60,000 கட்டி 11,366 தானா? வருடத்துக்கு 3.8% கூட வரலையே" என்கிறார். முதல் தவணைதான் 60 மாதம் கிடக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம்தான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். 1.01675-ஐ நான்கு முறை பெருக்கினால் வருட விளைவு 6.87%. இதுவரை எனக்குச் சந்தேகமில்லை.

குழப்பம் பாஸ்புக் தேதிகளில்தான். 15-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும் என்பதால் அம்மா பெரும்பாலும் 14-ல்தான் கட்டுகிறார். வட்டி குறையாது. அப்படியானால் பாஸ்புக்கில் உள்ள தேதிகளை வைத்து XIRR போட்டால் 6.87-ஐவிடச் சற்றுக் கூடுதலாக வருவது சரிதானே?

இன்னொன்று: 2024 டிசம்பர் தவணை விட்டுப்போய், ஜனவரியில் 10 ரூபாய் அபராதத்தோடு சேர்த்துக் கட்டினோம். அந்தப் பத்தை XIRR-ல் தனி வரியாக, கழித்தல் குறியோடு போட நினைக்கிறேன். தாமதத்தால் முதிர்வுத் தொகையும் குறையுமா, அல்லது அபராதத்தோடு முடிந்ததா? இப்படி ஒரு தவணை விட்டு, முதிர்ந்து பணம் வாங்கியவர்கள் இருந்தால் கையில் வந்த தொகையைச் சொல்லுங்கள்.