புதுப்பிப்பு: சைவ ஒடியல் கூழ், கோதுமை, இறால்

கேட்டது: "சைவமா வைக்கிற ஒடியல் கூழை, கோதுமையும் இறாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் குடுக்கலாமோ?"

வழமையான ஒடியல் கூழ்க் குறிப்பிலுள்ள ஒவ்வொரு சாமானையும் சைவம், கோதுமை, இறால் என்று தனித்தனியே பார்த்தாச்சு. ஒடியல் மா, பலாக்கொட்டை, பயித்தங்காய், மரவள்ளி, முருங்கையிலை, செத்தல், புளி: தடையில்லை. மாட்டினவை மூன்று.

மீன்தலை: சைவத்துக்கு ஆகாது.
கூனி இறால்: சைவத்துக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. இரண்டையும் எழுதவேணும், ஏனெண்டால் சைவம் பார்க்காத நாளிலும் பிள்ளைக்கு அது ஆபத்து.
பெருங்காயம்: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாதான் கலந்திருக்கும். பெட்டியில் பாருங்கோ, அரிசி மா கலந்ததும் வரும்.

"கடலுணவை எடுத்தால் சரி" என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. அவர் மீனுக்குப் பதில் போடச் சொன்ன சோயாமீற்றிலும் சிலதில் கோதுமைப் புரதம் உண்டு.

கிளிநொச்சி அக்கா ஒருவர் இந்தக் கூழ் மாமியின் சீனி வருத்தத்துக்கு ஆகுமோ எண்டு கேட்டிருந்தா. அது ஒவ்வாமை இல்லை, வேற கணக்கு.

மில்லில் கோதுமை அரைத்த கையோடு ஒடியல் அரைத்தால் மா கலக்கும். எவ்வளவு கலந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதென்று வைத்தியரைத்தான் கேட்கவேணும். அதுவரை வீட்டு உரலில் இடித்த மா.