காணி அனுமதிப்பத்திரம் இரத்து: அறிக்கையைக் காட்டாமல் நடந்த விசாரணை செல்லுமா?

தம்பலகாமத்தான்:
அப்பாவின் பெயரில் இரண்டு ஏக்கர் வயலுக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. சென்ற ஆண்டு அவர் சிகிச்சைக்காகக் கண்டியில் தங்கியிருந்ததால் ஒரு பகுதி தரிசாகக் கிடந்தது. பின்னர் 'நிபந்தனைகளை மீறியுள்ளீர்கள், காரணம் காட்டவும்' என்று ஒரு கடிதம் வந்தது. எந்த நிபந்தனை என்று அதில் இல்லை. விசாரணையில் உத்தியோகத்தர் ஒரு கள அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். பிரதி கேட்டதற்கு 'அது உள்ளகக் கடிதம்' என்று மறுத்துவிட்டார். கால் மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. இப்போது பத்திரம் இரத்து. அந்த உத்தியோகத்தரின் அக்காவின் கணவர் அதே காணிக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் கேள்விப்படுகிறோம். ஒரு பகுதியைச் செய்கைபண்ணாமல் விட்டது உண்மைதான். அப்படியிருந்தும் இந்த முடிவை உடைக்க முடியுமா?

பழைய எழுதுவினைஞர்:
தம்பி, முப்பது வருடம் காணிக் கிளையில் கோப்புச் சுமந்தவன் சொல்கிறேன். தரிசாக விட்டதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அறிக்கையைக் காட்டியிருந்தால் மட்டும் வயல் பச்சையாகிவிடுமா? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் அறிவித்தல் அனுப்புபவரும் முடிவெடுப்பவரும் ஒரே அதிகாரிதான். சட்டமே அப்படி வைத்திருக்கும்போது பக்கச்சார்பு எங்கிருந்து வந்தது? இன்னொன்று. யாழ்ப்பாண மாநகர சபையை அமைச்சர் கேள்வி விளக்கமின்றிக் கலைத்தபோது முதல்வர் துரையப்பா அந்நாளில் நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறை மன்றம் வரை போய்த் தோற்றார். நிர்வாக முடிவுக்கு விசாரணை கட்டாயமில்லை என்பது அன்றே முடிந்த விடயம்.

உப்புவெளிச் சட்டத்தரணி:
ஐயா, துரையப்பா வழக்கில் யார் தோற்றார் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது, ஏன் தோற்றார் என்பது மறந்துவிட்டது. 1966இல் சபை கலைக்கப்பட்டது. கலைப்பதற்கு முன் சபையின் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்றே கோமறை மன்றம் சொன்னது. முதல்வர் தோற்றதற்குக் காரணம் வேறு. அநீதி நடந்தது சபைக்கு, ஆனால் சபை வழக்காட வரவில்லை, அவர் தனித்து வந்தார். தம்பலகாமத்தானின் அப்பாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை. பத்திரம் அவருடையது, இழப்பும் அவருடையது.

இதில் பலமான புள்ளி அறிக்கைதான். மலாயாவில் கண்டா என்ற பொலிஸ் பரிசோதகரைப் பதவி நீக்கினார்கள். விசாரித்த அதிகாரியின் கையில் அவருக்குப் பாதகமான ஓர் அறிக்கை இருந்தது, கண்டாவிடம் அது கொடுக்கப்படவில்லை. 1962இல் கோமறை மன்றம் அந்த நீக்கத்தைச் செல்லாது என்றது. அந்த அறிக்கை அதிகாரியின் மனதை உண்மையிலேயே மாற்றியதா என்று நீதிமன்றம் துருவவில்லை. மாற்றியிருக்கக்கூடும் என்பதே போதுமாயிருந்தது.

அறிக்கையைக் காட்டினால் என்ன மாறும் என்று கேட்டீர்களே. எத்தனை பாகம் தரிசு, எந்தப் போகம், உத்தியோகத்தர் எந்தத் திகதியில் வயலுக்குப் போனார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். போனது அறுவடை முடிந்த பிறகு என்றால் எந்த வயலும் தரிசாகத்தான் தெரியும். வைத்தியசாலைச் சீட்டை எந்தத் திகதிக்குப் பொருத்துவது என்று தெரியாமல் ஒருவர் எப்படிக் காரணம் காட்டுவார்?

மூதூர் வலைக்காரன்:
என்னையும் இப்படித்தான் எங்கள் மீனவர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். கூட்டத்துக்கு அழைக்கவேயில்லை. செயலாளருக்கும் எனக்கும் வள்ளத் தகராறு, அவரே தீர்ப்பும் சொன்னார். அந்த முடிவை உடைக்க நானும் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாமா?

உப்புவெளிச் சட்டத்தரணி:
அண்ணை, உங்கள் கதை வேறு பாதை. எழுத்தாணை சட்டத்தால் வந்த அதிகாரத்தின் மேல் பாய்வது. சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது, நீக்கும் அதிகாரம் யாப்பில் மட்டும் உள்ளதா என்று பார்க்காமல் நான் வாய் திறக்கக் கூடாது. தனி இழையாகப் போடுங்கள்.

பழைய எழுதுவினைஞர்:
அறிக்கை விடயத்தில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நாங்களும் 'உள்ளகம்' என்று முத்திரை குத்தி எத்தனையோ கோப்பை மூடினோம். ஆனால் பக்கச்சார்பில் இறங்கமாட்டேன். இந்தச் சின்ன மாவட்டத்தில் யாருக்கு யார் சொந்தமில்லை? மைத்துனன் விண்ணப்பித்தான் என்பதற்காக அதிகாரி கதிரையை விட்டு எழும்புவதென்றால் கந்தோரே காலியாகிவிடும். அவர் மைத்துனனுக்காகத்தான் செய்தார் என்று நிரூபியுங்கள் பார்ப்போம்.

உப்புவெளிச் சட்டத்தரணி:
நிரூபிக்கத் தேவையில்லை, அதுதான் இந்த விதியின் கூர்மை. இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து வழக்கு. நீதவான்கள் தீர்ப்பை யோசிக்க உள்ளே போனபோது எழுதுவினைஞரும் கூடப் போனார். அதே விபத்தில் நட்டஈடு கேட்ட மறுதரப்பின் சட்டத்தரணி நிறுவனத்தில் அவரும் பங்காளி. அவரிடம் எதையும் கேட்கவில்லை என்று நீதவான்கள் சொன்னதை நீதிமன்றமும் நம்பியது. அப்படியிருந்தும் 1923இல் தீர்ப்பு தள்ளப்பட்டது. வெளியே நின்று பார்க்கும் நியாயமான மனிதருக்கு என்ன தோன்றும் என்பதே கேள்வி.

ஆனால் உங்கள் முதல் புள்ளியில் பாதி சரி. அறிவித்தல் அனுப்பியவரே முடிவெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, அதை மட்டும் வைத்துப் பக்கச்சார்பு என்றால் நிற்காது. அக்காவின் கணவருக்குக் காணி கிடைக்கக்கூடிய நிலையைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதிகாரம் அந்த ஒருவரிடம் மட்டுமே இருந்து, மாற்றாள் இல்லையென்றால் வேறு கதை. இங்கே வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கலாம்.

நிலாவெளி மருமகள்:
அப்படியென்றால் நம் ஊர் மாகாண மேல் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாமே? கொழும்புச் செலவு மிச்சம்.

உப்புவெளிச் சட்டத்தரணி:
அக்கா, முன்பு நாங்களும் அப்படித்தான் போட்டோம். 2013இல் ஒரு தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் அரச காணியை மாகாண அதிகாரத்துக்கு வெளியே வைத்தது. அதன் பிறகு இப்படியான மனுவுக்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். பஸ் ஏற வேண்டியதுதான்.

அதற்கு முன் இரண்டு வேலை. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் கள அறிக்கையையும் விசாரணைக் குறிப்பையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலும் அந்த மறுப்புக் கடிதம் உங்களுக்கு உதவும். கூடவே காணி ஆணையாளருக்கு மேன்முறையீடு போடுங்கள். அது இருக்கும்போது ஏன் நேரே வந்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கக்கூடும்.

பழைய எழுதுவினைஞர்:
அங்கேதான் பொறி. ஆணையாளர் அறிக்கையைக் காட்டி, ஒழுங்காக விசாரித்து, அதே முடிவுக்கு வந்தால்? முதல் விசாரணையின் ஓட்டை அடைபட்டுவிடாதா?

உப்புவெளிச் சட்டத்தரணி:
அடைபடலாம், அடைபடாமலும் போகலாம். முதல் விசாரணையே கெட்டிருந்தால் மேன்முறையீடு அதைச் சரிசெய்யாது என்றும் தீர்ப்பு உண்டு, முழுமையாக மீண்டும் விசாரித்தால் போதும் என்றும் உண்டு. நான் என்றால் மேன்முறையீட்டிலேயே அறிக்கை தரப்படாததையும் உறவையும் எழுதிவைப்பேன். எழுத்தாணைக்குத் தாமதமும் கேடு. ஆகவே இரண்டு கையாலும் வேலை செய்ய வேண்டும். இன்னொன்று: எழுத்தாணையில் வென்றாலும் காணி உறுதியாகிவிடாது. இரத்து விழும், அவர்கள் மீண்டும் ஒழுங்காக விசாரிக்கலாம்.

பழைய எழுதுவினைஞர்:
கடைசியாக ஒரு கேள்வி தம்பி. உறவு விடயம் விசாரணை நாளில் அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்தும் வாய் மூடியிருந்தால் பிறகு கிளப்ப விடமாட்டார்கள்.

உப்புவெளிச் சட்டத்தரணி:
ஐயா சரியான இடத்தில் கை வைத்தார். யாரிடமிருந்து, எப்போது தெரியவந்தது என்று சத்தியக்கடதாசியில் வர வேண்டும்.

தம்பலகாமத்தான்:
இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன். சந்தித் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னாராம். விசாரணைக்குப் போகும் வழியிலா, திரும்பி வரும்போதா என்று அவருக்கு நினைவில்லை. அன்று இரண்டு முறையும் அங்கே தேநீர் குடித்தாராம்.