முப்பது செகண்டுக்குள்ள டியூஷன் சேர்க்கை: குடும்ப குரூப்ல ஓடின பேச்சு

பெரியப்பா: எஃப்எம்ல கொடுக்கற விளம்பரம் எழுதிட்டேன். நாளைக்கு ஸ்டேஷன்ல கேக்கறாங்க. பாத்துச் சொல்லுங்க.

"மாணவ மணிகளுக்கும் பெற்றோர்களுக்கும் ஓர் நற்செய்தி! 20 ஆண்டு அனுபவம் வாய்ந்த ஆசிரியர்களைக் கொண்டு 6 முதல் 12 வரை அனைத்துப் பாடங்களும் சிறந்த முறையில் கற்பிக்கப்படும். 100 சதவீதத் தேர்ச்சி உறுதி. 3 பேட்ச், வேன் வசதி உண்டு. முன்பதிவுக்கு..." (அப்புறம் ரெண்டு போன் நம்பர்)

மதினி: மாமா, இதை வாய்விட்டுப் படிச்சு டைம் பாத்தீங்களா?

பெரியப்பா: பேப்பர்ல ஆறே வரிதாம்மா.

மதினி: நம்பரை எழுத்துல மாத்திப் பாருங்க. "20" ரெண்டே இலக்கம், வாய் "இருபது"ன்னு முழுசாச் சொல்லணும். ஒரு போன் நம்பர் பத்து இலக்கம், நிதானமாச் சொன்னா நாலஞ்சு செகண்ட். ரெண்டு நம்பருக்கே பத்து செகண்ட் போச்சு. நான் இப்ப ஸ்டாப்வாட்ச் வெச்சுப் படிச்சேன், 41.

தம்பி: எடிட்டிங்ல ஸ்பீடு ஏத்திக்கலாமே.

மதினி: கொஞ்சம் ஏத்தலாம், 30 செகண்டுக்கு வர வேண்டியது 31 ஆனா சரிபண்ண. 41ஐ 30 ஆக்கினா ல, ள, ழ எல்லாம் குழைஞ்சு ஒண்ணாயிடும். ரேட் 10 செகண்ட் கணக்குல. அதனால 31 வந்தாக்கூட வெட்டச் சொல்வாங்க, இல்ல 40க்குக் காசு கேப்பாங்க.

அத்தை: போன வருஷ பேனர்ல நல்ல மார்க் வாங்கின 6 பிள்ளைங்க போட்டோ இருந்துச்சே, அதையும் சேத்துக்குங்க. பாத்தா நம்பிக்கை வரும்.

தம்பி: அத்தை, இது ரேடியோ 😂

அத்தை: சரிடா, பேரையாவது சொல்லலாம்ல!

மதினி: பிள்ளைங்க வீட்டுல எழுதி வாங்காம பேரும் மார்க்கும் சொல்லக் கூடாது அத்தை. அப்புறம் மாமா, "100 சதவீதம் உறுதி"யை எடுத்துடுங்க. 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரத்துக்கு விதி போட்டுச்சு. உத்தரவாதம் கொடுக்கற மாதிரி பேசறது கூடாது.

பெரியப்பா: அது 50 பேருக்கு மேல படிக்கற சென்டருக்கு. நம்மகிட்ட 45 பேர்தான்.

மதினி: அந்த விதி அப்படித்தான். ஆனா தப்பான விளம்பரம்னா 2019 நுகர்வோர் சட்டத்துல எண்ணிக்கை பாக்க மாட்டாங்க. அதோட எல்லா டியூஷனும் நூறுதான் சொல்லுது, காதுல நிக்காது. நம்மகிட்ட ஒரு பேட்சுக்கு 15 பேர்தான், அதைச் சொல்லுங்க.

சித்தப்பா: அப்ப எங்க ஜவுளிக் கடை விளம்பரத்துல நம்பர் போட்டது வேஸ்டா? ஒருத்தரும் கூப்பிடல.

மதினி: பைக்ல போறவங்க எப்படி எழுதிப்பாங்க சித்தப்பா? தெரு அடையாளம் ரெண்டு தடவை சொன்னா போதும். நம்பர் போர்டுல இருக்கட்டும். பாடமும் எல்லாத்தையும் அடுக்க வேணாம். சேர்க்கை தேவைப்படறது 9, 10க்குத்தானே? இதோ:

```
(ஸ்கூல் மணி, 2 செகண்ட்)
அம்மா: இன்னைக்கு கணக்கு புரிஞ்சுதாடா?
பையன்: கிளாஸ்ல புரிஞ்ச மாதிரி இருந்துச்சும்மா...
       வீட்டுக்கு வந்தா மறந்துடுச்சு.
அறிவிப்பு: ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு கணக்கு, அறிவியல்.
       ஒரு பேட்சுக்குப் பதினைந்து பேர்தான்.
       அன்றைய பாடத்தை அன்றைக்கே கேட்டுத் திருத்துவோம்.
       பிள்ளையார் கோயில் தெரு டியூஷன். புதிய சேர்க்கை
       நடக்குது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்.
       மாலை ஐந்து மணிக்கு மேல் நேர்ல வாங்க.
பையன்: பிள்ளையார் கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டி எதிர்ல!
```

தம்பி: 27 வந்துச்சு. மூணு செகண்ட் மிச்சம், அதுல ஒரு நம்பர்?

மதினி: வேணாம். "மறந்துடுச்சு"க்கு அப்புறம் ரெண்டு நொடி விடணும். அங்க விடாட்டி பையன் சொன்னது அம்மாக்கள் மனசுல இறங்காது.

பெரியப்பா: 20 வருஷ அனுபவத்தை விட்டுட்டியேம்மா...

மதினி: "இருபது ஆண்டு அனுபவம்" ரெண்டு செகண்ட் பிடிக்கும் மாமா. போடணும்னா "அன்றைக்கே கேட்டுத் திருத்துவோம்" போகணும். எது வேணும்?

பெரியப்பா: யோசிக்கறேன்.

அத்தை: அம்மா குரல் யாரு? நானே பேசட்டுமா?

சித்தப்பா: ஸ்டேஷன்லயே ஆள் இருப்பாங்க அக்கா.

மதினி: அவங்க குரல் தெளிவா இருக்கும், ஆனா எல்லா விளம்பரத்துலயும் கேட்ட குரலாப் போயிடும். அத்தை பேசினா ஊர்க்காரங்களுக்கு உடனே தெரியும். ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, கதவைச் சாத்தி, போனை ஒரு சாண் தள்ளி வெச்சுப் பேசி அனுப்புங்க. கேட்டுட்டுச் சொல்றேன்.

அத்தை: 🎤 வாய்ஸ் மெசேஜ் (0:03)

தம்பி: அத்தை, பின்னாடி குக்கர் விசில்.