புதுப்பிப்பு: ஆத்தங்குடித் தரையோட்டுத் தொழிலாளி பேட்டியின் நேரக்குறிகள்

நான் கேட்டிருந்தது: "பேட்டி எழுத்துப்படியில் 'ம்', 'வந்து' எல்லாவற்றையும் நீக்கிப் பேசுபவர் பெயர் போட்டால் நேரக்குறி ஒலியோடு பொருந்தவில்லை. என்ன செய்வது?"

வானொலியில் பணியாற்றிய அக்கா ஒருவர் சொன்னபடி, முதலில் ஒலியைக் கேட்டுப் பேச்சு கைமாறும் இடத்தில் துண்டைப் பிரித்து, அசைச்சொற்களை அதன் பின்னரே நீக்கினேன். கேள்வியும் பதிலும் ஒட்டியிருந்த ஒரு துண்டு இப்படி ஆனது:

```
41
00:12:04,200 --> 00:12:06,900
பேட்டியாளர்: பூ வேலை எதில் செய்வீங்க?

42
00:12:06,900 --> 00:12:11,800
தொழிலாளி: கண்ணாடி மேல அச்சை வச்சு சாயம் ஊத்துவோம்.
```

பதிலின் தொடக்கத்தில் இருந்த "அதாவது, வந்து" போய்விட்டாலும், அவர் வாய் திறந்த நொடி 06,900 என்பதால் அந்த எண்ணைத் தொடவில்லை. சொல் குறைந்ததற்காக நேரத்தையும் சுருக்கினால் அடுத்தடுத்த துண்டுகள் முந்திக்கொள்ளும்.

"வந்து" என்பதை ஒரேயடியாகத் தேடி நீக்கலாம் என்றார் ஒரு தம்பி. தனிச் சொல்லாக நிற்கும் "ஆங்" போன்றவற்றுக்கு அது சரி. "அப்பா ரங்கூன்லேர்ந்து வந்து பட்டறை போட்டாங்க" என்ற வரியில் வினையே போய்விடும். "ம்" கூட, ஆமா இல்லையா என்று கேட்டதற்குப் பதிலாக வந்தால் இருக்க வேண்டும். கேட்பவர் இடையில் கொட்டும் "ம்" தனித் துண்டாக வேண்டியதில்லை. திருமணக் காணொளியில் வசனம் போகப்போகப் பிந்துவதாக அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார்; அது பெரும்பாலும் சட்டக வேகச் சிக்கல், இதுவன்று.

இருவரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில், ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரக்குறிகளைச் சில காணொளி இயக்கிகள் சரியாகக் காட்டுவதில்லை. அவற்றை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.