புதுப்பிப்பு: பயண ரத்துக் கோரிக்கை, வந்ததும் நிலுவையில் நிற்பதும்

முன்பு கேட்டது: "அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்ததால் சிங்கப்பூர் பயணத்தை ரத்து செய்தோம், டிக்கெட் பணம் முழுவதும் காப்பீட்டில் கிடைக்குமா?"

38,000 ரூபாய் டிக்கெட்டுக்குக் காப்பீட்டில் 31,800 வந்துள்ளது. காப்பீட்டு முகவராக இருந்த அண்ணன் இங்கே சொன்னபடி, விமான நிறுவனம் திருப்பித் தராத தொகையை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். திருப்பித் தர இயலாத டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் அந்நிறுவனம் தந்தாக வேண்டும் என்பதால், மீதி 6,200 அங்கிருந்து வந்தது. அந்த விவரம் அடங்கிய விமான நிறுவனத்தின் ரத்துக் கடிதம் இல்லாமல் கோப்பு நகரவே இல்லை.

"டாக்டர் சர்டிபிகேட் போதும்" என்று நண்பர் சொன்னது பாதி சரி. "எலும்பு முறிவு, ஓய்வு தேவை" என்றிருந்த முதல் சான்றிதழைத் திருப்பி அனுப்பினார்கள். பயணத் தேதியைக் குறிப்பிட்டு, அன்று பயணம் செய்ய உடல்நிலை இடம் தராது என்று எழுதி வாங்கி, எக்ஸ்ரே அறிக்கையுடன் இணைத்த பிறகே ஏற்றார்கள்.

விசா மறுக்கப்பட்டதைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அது பெரும்பாலும் இந்தப் பயண ரத்துப் பிரிவில் வராது, தனிப் பிரிவாக உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோட்டல் முன்பதிவு காப்பீடு இல்லாத தம்பியின் பெயரில் இருப்பதால், அந்தத் தொகை இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது.