புதுப்பிப்பு: அண்ணாச்சிக்குச் சம்பளக் கடிதம் கொடுத்தாச்சு

போன வாரம் எங்கள் கடை அண்ணாச்சியைப் பற்றி நான் இங்கே கேட்டது: "22 வருஷமா கணக்கு பார்க்கிறவர். 1,000 ரூபாய் ஏத்துறோம், ஆனா கையில 700தான் போகும். கடிதத்துல எப்படிச் சொல்ல?"

முதல் வரைவில் "அரசின் புதிய சட்டப்படி" என்று தொடங்கியிருந்தேன். பி.எஃப் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அதை அடிக்கச் சொன்னார். ரூபாயை முதலில் எழுது, சட்டம் அப்புறம் என்றார். அப்படியே எழுதினேன்:

"மொத்தம் 28,000லிருந்து 29,000 ஆகிறது. அடிப்படைச் சம்பளம் 12,000லிருந்து 14,500. அதனால் உங்கள் பி.எஃப் பிடித்தம் 1,440லிருந்து 1,740. கையில் கூடுவது 700. நாங்களும் பி.எஃப்பில் 300 கூடுதலாகக் கட்டுகிறோம்."

காரணம் ஒரே வரி: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டப்படி, அடிப்படை போக வரும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்காகும்.

"கிராஜுவிட்டி இனிமேல் வரும் வருஷத்துக்குத்தான் கூடும்" என்று போன வாரப் பதில்களில் ஒருவர் சொன்னது பாதி சரி. கூடும், ஆனால் வேலையை விடும்போது வாங்கும் கடைசிச் சம்பளத்தை வைத்து 22 வருஷத்துக்கும் கணக்கிடுவார்கள். 1,52,308 என்பது 1,84,038 ஆகிறது. கடிதத்தில் அண்ணாச்சி இரண்டு முறை படித்தது இந்த வரியைத்தான்.

தனக்குப் பி.எஃப் 1,800லேயே நிற்கிறது என்று பதிலில் எழுதிய தம்பிக்கு: உங்கள் அடிப்படை 15,000ஐத் தாண்டியிருக்கும், அது வேறு கதை.

கையெழுத்துப் போட்டார். "போன வருஷம் ஏன் ஏத்தலை தம்பி?" என்றும் கேட்டார். அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.