கும்பாபிஷேக வீடியோ: 28,000 ரூபாய் எதுக்கு?

அனுப்புநர்: கணேசன், சிங்கப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். 2004 கும்பாபிஷேக வீடியோவைச் சரிபண்ணி 4கே ஆக்கித் தர்றேன்னு டவுன் ஸ்டுடியோக்காரர் 28,000 ரூபாய் கேட்கிறார். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி திருவிழாவில் பெரிய திரை கட்டிப் போடணும்னு ஊரில் பேச்சு. தலைக்கு 1,000 போட்டால் முடிஞ்சுடும். கையில் இருக்கிற ஃபைலைக் கீழே இணைச்சிருக்கேன்.

அனுப்புநர்: வசந்தி, நியூ ஜெர்சி

போன மாசம் ஊருக்குப் போனப்போ மண்டபத்தில் திரை கட்டி இதையே ஓட்டிப் பார்த்தாங்க. கோபுரம் தெரியுது. ஆள் முகம் ஒண்ணும் தெரியலை, எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி. கலச நீர் ஊத்துற இடத்தில் திரை பூரா கட்டம் கட்டமாப் போயிடுச்சு. பெரியத்தை எங்க அம்மாவையே அடையாளம் கண்டுபிடிக்கலை. அத்தனை பேரும் வெயிலைக் குத்தம் சொன்னாங்க. வெயில்னா எனக்கு நம்பிக்கை இல்லை.

அனுப்புநர்: பாலு, ஈப்போ

கீழூர்க்காரன் தன் கோயில் படத்தைக் கண்ணாடி மாதிரி போட்டுக் காட்டுறான். நம்ம கோயில் என்ன குறைச்சலா? இருபது வருஷ வீடியோ மங்கத்தான் செய்யும், காப்பி எடுக்க எடுக்க வெளுக்கும். பணத்தைப் பார்க்காம செய்யுங்கப்பா.

அனுப்புநர்: ராஜகோபால், குவைத்

2016 கணக்கில் “ஹார்டு டிஸ்க், வீடியோ பாதுகாப்பு” என்று 6,500 ரூபாய் எழுதியிருக்கு. அந்த டிஸ்க் எங்கே? அதைச் சொல்லாம 28,000 கேட்டால் என் 1,000 வராது. பந்தல் கணக்கையும் நான் இன்னும் மறக்கலை.

அனுப்புநர்: செல்வம், துபாய்

கணேசண்ணே அனுப்பின ஃபைலைத் திறந்து பார்த்தேன். பாலு சித்தப்பா பாதி சரி. ஃபைலை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு நூறு தடவை காப்பி பண்ணினாலும் ஒரு புள்ளி கூட மாறாது. வெளுக்கிறதெல்லாம் பழைய விஎச்எஸ் காலத்துக் கதை. இப்போ கெடுக்கிறது காப்பி இல்லை, ஒவ்வொரு கையிலும் மறுபடி சுருக்கிச் சேமிக்கிறதுதான்.

இந்த ஃபைல் வந்த பாதையைப் படத்திலேயே படிக்கலாம். ஆட்கள் கை அசைக்கும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வருதே, அது கேமரா படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுத்ததின் அடையாளம். அந்த இரண்டு பாதியையும் சரியாப் பிரிக்காம யாரோ படத்தின் அளவைக் குறைச்சிருக்காங்க. குறைச்சதும் பற்கள் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு படத்திலேயே ஒட்டிக்கிச்சு, இனி எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இப்படி ஒரு தடவை மாத்திச் சேமிச்சால் ஒரு தலைமுறை. கறுப்புப் பட்டைக்குள்ளே இன்னொரு கறுப்புப் பட்டை இருக்கு, எல்லா முகமும் கொஞ்சம் அகலம். 4:3 படத்தை யாரோ அகலத் திரைக்கு இழுத்திருக்காங்க. அது இரண்டாவது. மூலையில் ஒரு செல்போன் ஆப்பின் முத்திரை, அதுக்கு மேல இன்னொரு ஆப்பின் முத்திரை. மூன்று, நான்கு. இடையில் யூடியூபில் ஏத்தி இறக்கினதும் வாட்ஸ்அப்பில் போனதும் தனி.

மூணு நிமிஷம் 16 எம்பிக்குள்ளே அடங்கணும் என்று வாட்ஸ்அப்பில் துண்டு துண்டா வந்த காலம் நினைவிருக்கா? அதைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 0.7 மெகாபிட். 2004-ல் எடுத்த மினி DV டேப்பில் படம் நொடிக்கு 25 மெகாபிட். அப்புறம் எந்த ஆப் அதைப் பெரிய ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணினாலும் பெட்டிதான் பெரிசு, உள்ளே இருக்கிறது அதே 0.7.

வசந்தி அத்தாச்சி சொன்னது சரியான அடையாளம். சுருக்கும் முறை படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, போன ஃப்ரேமிலிருந்து என்ன மாறுச்சு என்பதை மட்டும் குறிச்சு, கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்கிற நுணுக்கத்தைத் தூக்கி எறியும். கோபுரம் அசையாது, அதனால அது தப்பிச்சுது. ஹோமப் புகை, தெளிக்கிற தண்ணீர், மேலேர்ந்து விழுற பூ, கூட்டத்தின் தலைகள் எல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதுசு. இருக்கிற பிட் போதாம அங்கேதான் கட்டம் உடையும். அடுத்த முறை சுருக்கும்போது அந்த உடைஞ்ச கட்டத்தின் ஓரத்தையே உண்மையான படம் என்று நினைச்சு அதைக் காப்பாத்தப் பிட்டைச் செலவழிக்கும். மிச்சமிருந்த கண்ணும் மூக்கும் அப்போ போகும். இடையில் அளவை மாத்தினால் புதுக் கட்டம் பழைய கட்டத்தின் மேல் பொருந்தாம விழும், அதனால சேதம் இன்னும் கூடும்.

அனுப்புநர்: கார்த்தி, சிட்னி

அந்த இரண்டாவது முத்திரை நான் போட்டதுதான், சாரி. ஆனா உயர்ந்த பிட்ரேட்டில் எக்ஸ்போர்ட் பண்ணித்தான் யூடியூபில் ஏத்தினேன். அங்கே நான் ஏத்தின ஒரிஜினல் இருக்குமே? யூடியூப் ஸ்டுடியோ பக்கத்திலிருந்து டவுன்லோட் பண்ணித் தரவா?

அனுப்புநர்: செல்வம், துபாய்

வேண்டாம் தம்பி. யூடியூப் ஏத்துற எதையும் தன் முறையில் மறுபடி சுருக்கும். அங்கே டவுன்லோட் பொத்தான் தர்றது அந்தச் சுருக்கின எம்பி4. உயர்ந்த பிட்ரேட்டில் போட்டது தப்பில்லை, சேதத்தை மேலும் கூட்டாம இருக்கும். ஆனா முன்னாடி போனதை அது கொண்டுவராது. ஸ்டுடியோக்காரர் சொல்ற 4கேயும் அதே கதைதான். ஓரங்களைக் கூர்மையாக்கினால் முதலில் கூர்மையாவது கட்டத்தின் ஓரம்.

அதனால 28,000-ஐ இந்தக் கடைசிப் பிரதியில் போடாதீங்க. மூல டேப்பைத் தேடுங்க. அந்த வருஷம் மொத்தம் இரண்டு டேப், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம்.

அனுப்புநர்: ராஜகோபால், குவைத்

டேப்பிலிருந்து எடுக்க எவ்வளவு? சரியா எடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? படம் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியாது. எண் சொல்லு.

அனுப்புநர்: செல்வம், துபாய்

மாமா, உங்களுக்கு ஏத்த எண் இருக்கு. ஒரு மணி நேர மினி DV டேப்பை உள்ளபடி இறக்கினால் ஏறக்குறைய 13 ஜிபி வரும். ஃபைல் .dv அல்லது .avi ஆக இருக்கும், படம் 720 × 576. யாராவது ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி எம்பி4 கொடுத்தால் அவர் சுருக்கிட்டார் என்று அர்த்தம். காசு கொடுக்காதீங்க.

மினி DV டேப்பில் இருக்கிறது ஏற்கெனவே எண்கள்தான். ஃபயர்வயர் கேபிள் போட்டால் அந்த எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும், எதையும் மறுபடி சுருக்கத் தேவையில்லை. ஆனா கடைகளில் பலபேர் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின் வைச்ச கேபிளை ஒரு யுஎஸ்பி குச்சியில் சொருகி எடுப்பாங்க. எண்ணை அலையாக்கி, அலையை மறுபடி எண்ணாக்கி, அதையும் சுருக்கும் வேலை அது. முதல் படியிலேயே ஒரு தலைமுறை போயிடும். அதனால கடைக்குப் போறவர் முதலில் கேபிளைக் காட்டச் சொல்லணும். ஃபயர்வயர் இருக்கிற கேமராவும், கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டரும் அவரிடம் இருக்கணும்.

டேப்பைப் போடுறதுக்கு முன்னாடி அதில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியா ஓரத்தைப் பாருங்க. வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை இருந்தால் ஓட்டவே கூடாது, கேமராவின் ஹெட்டும் சேர்ந்து போகும். சுத்தமா இருந்தால் ஒருமுறை கடைசி வரை முன்னே ஓட்டி, திரும்பச் சுத்தி, அப்புறம் எடுக்கணும். நடுவில் சதுரம் சதுரமா மொசைக் விழுந்தால் ஹெட்டைச் சுத்தம் பண்ணி அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தரம் ஓட்டினால் பல தடவை சரியா வரும்.

அனுப்புநர்: கணேசன், சிங்கப்பூர்

டேப் ஒண்ணு சங்க அலமாரியில் இருக்கு, அதில் யாகசாலை வரை. கலச நீர் இருக்கிற இரண்டாவது டேப் மேலவீட்டில். அங்கே கேட்கிற நிலைமை உங்களுக்கே தெரியும். 2005-ல் ஸ்டுடியோ கொடுத்த டிவிடி ஒண்ணு என்கிட்ட இருக்கு, அது உதவுமா?

அனுப்புநர்: செல்வம், துபாய்

உதவும். டேப் கிடைக்கலைன்னா அதுதான் அடுத்தது. இரண்டு மணி நேரத்தை 4.7 ஜிபிக்குள் அடக்கினதால ஒரு தலைமுறை போனதுதான், ஆனா 720 × 576 அப்படியே இருக்கும், சீப்புப் பல்லையும் இன்னும் பிரிக்கலாம். அதை எம்பி4 ஆக்காதீங்கண்ணே. டிவிடியில் VIDEO_TS என்ற ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக் காப்பி பண்ணி அனுப்புங்க.

எது கிடைச்சாலும் அதுதான் மாஸ்டர். பேரில் தேதியும் master என்றும் போட்டு, ரீட் ஒன்லி ஆக்கி, மூணு டிஸ்க்கில் மூணு ஊரில் வைக்கணும். டிஸ்க்கை exFAT முறையில் ஃபார்மட் பண்ணுங்க. FAT32-ஆ இருந்தால் 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலை ஏத்துக்காது. அப்போதான் யாராவது “கொஞ்சம் சுருக்கி ஏத்திட்டேன்” என்பாங்க. காப்பி சரியா வந்துச்சான்னு பார்க்க விண்டோஸில் இதை ஓட்டுங்க. மூணு ஊரிலும் வர்ற நீள எண் ஒண்ணா இருக்கணும்:

```
certutil -hashfile 2004_tape1_master.dv SHA256
```

தலைப்பு, பாட்டு, வெட்டு எல்லாம் எடிட்டிங் ப்ராஜெக்டில் இருக்கட்டும். எழுத்துப் பிழை திருத்தணும்னா போன எக்ஸ்போர்ட்டைத் திறக்காதீங்க, ப்ராஜெக்டைத் திறந்து மாஸ்டரிலிருந்து புதுசா எடுங்க. எத்தனை பிரதி எடுத்தாலும் எல்லாம் மாஸ்டருக்கு முதல் பிள்ளையாத்தான் இருக்கும், பேரன் கொள்ளுப்பேரன் வராது. யூடியூபுக்கு ஏத்த வெட்டாத பிரதி எடுக்க ffmpeg என்ற மென்பொருளில் இதை ஓட்டுங்க:

```
ffmpeg -i 2004_tape1_master.dv -vf "bwdif,scale=1440:1080,setsar=1" -c:v libx264 -crf 16 -preset slow -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k tape1_upload.mp4
```

bwdif இரண்டு பாதியையும் பிரிச்சு நொடிக்கு 50 ஃப்ரேம் ஆக்கும், அதுக்கு அப்புறம்தான் அளவு மாறும். இந்த வரிசை மாறினால் பழைய சீப்புப் பல் திரும்ப வரும்.

அனுப்புநர்: வசந்தி, நியூ ஜெர்சி

செல்வம், இதோடேயே கேட்டுடறேன். ஐயாவோட படம் திதி பேனருக்கு வேணும். குரூப்பில் இருக்கிறதை அடிச்சா மூஞ்சி கட்டமா வருது. அதையும் ffmpeg-ல போடலாமா?

அனுப்புநர்: செல்வம், துபாய்

அது வேற அத்தாச்சி, ffmpeg வேண்டாம். குரூப்பில் இருக்கிறது ஸ்கிரீன்ஷாட்டின் ஸ்கிரீன்ஷாட், மேலே போனின் மணி கூட தெரியுது. ஒரிஜினல் எடுத்தவர் கேலரியிலிருந்து அதை “டாக்குமெண்ட்” என்று தேர்ந்து அனுப்பட்டும், அப்போ வாட்ஸ்அப் சுருக்காது. அட்டைப் படம்தான் இருக்குன்னா போனில் பிடிக்காம ஸ்கேனரில் 600 டிபிஐ வைச்சு டிஃப் ஆகச் சேமிக்கச் சொல்லுங்க.

அனுப்புநர்: பாலு, ஈப்போ

கீழூர்க்காரன் 4கேன்னு போட்டிருக்கான். நம்ம 1080-ன்னா சிரிக்க மாட்டானா?

அனுப்புநர்: கார்த்தி, சிட்னி

சித்தப்பா, மாஸ்டரை 4கே அளவுக்குப் பெரிசாக்கி ஏத்தினால் யூடியூப் கூடுதல் பிட்ரேட் கொடுக்கும், அதனால நல்லாத் தெரியும். செல்வம் அண்ணன் ஒத்துக்க மாட்டார்.

அனுப்புநர்: செல்வம், துபாய்

கூடுதல் பிட்ரேட் கொடுக்கும், அது உண்மைதான். 576 வரிப் படத்துக்கு அவ்வளவு தேவையா என்பதுதான் என் சந்தேகம். டேப் வரட்டும், ஒரு நிமிஷத்தை இரண்டு விதமாவும் ஏத்தி, கலச நீர் இடத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

அனுப்புநர்: ராஜகோபால், குவைத்

ஒரு டேப் 13 ஜிபி, இரண்டு டேப் 26. ரசீதில் இந்த எண் எழுதணும், கூடவே அந்த நீள எண்ணும். அதுக்குச் சம்மதம்னா 1,000 அனுப்புறேன். 2016 டிஸ்க் பற்றி இன்னும் ஒருத்தரும் வாய் திறக்கலை. மேலவீட்டுக்கு நான் போன் பண்ண மாட்டேன்.